ஆறாம் தடத்தின் கோடு

எங்கள் காலத்தில் விளையாட்டு ஆசிரியை என்றால் பாதிப் பேருக்கு இளக்காரம்தான். மழை நாளில் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உட்காரவைக்கிறவள், கணக்கு டீச்சர் கேட்டால் தன் பீரியடைத் தூக்கிக் கொடுக்கிறவள், சுதந்திர தினத்துக்குக் கொடிக்கயிறு கட்டுகிறவள். காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. என்னை யாரும் இளக்காரமாகப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே நாக்கைத் தீட்டி வைத்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன் என்றால் அது பாதி உண்மைதான். தப்பு ஒரு நாளோடு முடிந்தது. அதை மூடி மறைத்தது முடியவில்லை.

அந்த வருடம் ஆவணியில் வட்டாரப் பெண்கள் விளையாட்டுப் போட்டி எங்கள் பள்ளி மைதானத்தில் நடப்பதாக முடிவானது. போட்டிச் செயலாளர் ஒரு மூத்த உடற்கல்வி மாஸ்டர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர், வீடு கோவிலூர்ப் பக்கம். அதுவரை எந்த ஊரில் போட்டி நடந்தாலும் மைதானத்தில் கோடு போடுகிற வேலையை அவர்தான் செய்வார். அல்லது அவர் கைகாட்டும் இன்னொரு மாஸ்டர் செய்வார். பெண்களுக்கு வேலை, பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுப்பதும் பெயர் எழுதுவதும்தான்.

கூட்டத்தில் நான் எழுந்து, "எங்க ஸ்கூல் கிரவுண்டு சார், மார்க்கிங் நானே போட்டுர்றேன்" என்றேன்.

"டிராக் மார்க்கிங்கும்மா, கோலம் இல்ல" என்றார் ஒரு மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார், ஆனால் கையைத் தூக்கி அவர்களை அடக்கிவிட்டு, "போடட்டும்யா, படிச்சுட்டுத்தான வந்திருக்கு" என்று சொல்லிவிட்டார்.

கோலம் என்று சொன்னவன் முகத்தில் கரியைப் பூச வேண்டும் என்ற ஒரே நினைப்போடு நான்கு நாள் வெயிலில் நின்றேன்.

எங்கள் மைதானம் செம்மண் தரை. இருநூறு மீட்டர் சுற்றுத்தான் கொள்ளும். ஒரு பக்கம் பெரிய வீடு ஒன்றின் பின்மதில், மறுபக்கம் வேப்பமரங்கள். நடுவில் முளையடித்து, கயிறு பிடித்து, இரண்டு அரைவட்டங்களையும் இரண்டு நேர்க்கோடுகளையும் இழுத்துப் பார்த்தபோது, உள்கோட்டுக்கும் மதிலுக்கும் இடையே ஆறு மீட்டரும் கொஞ்சமும் மிஞ்சியது. ஒரு தடம் ஒரு மீட்டர் இருபத்திரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். அந்தக் கணக்குப்படி ஐந்து தடம்தான் போடலாம். ஆண்டாண்டாக அந்த மைதானத்தில் ஐந்துதான் போட்டிருந்தார்கள்.

ஐந்து போட்ட இடத்தில் நான் ஆறு போட்டுக் காட்டினால்?

தடத்தின் அகலத்தை ஒரு மீட்டராகக் குறைத்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்தானே, ஒரு மீட்டரில் தாராளமாக ஓடுவார்கள். இறுதிப் போட்டியில் கூடுதலாக ஒரு பிள்ளை ஓடலாம். இதில் தப்பு ஒன்றும் இல்லை. இதுவரைக்கும் இல்லை.

அடுத்து ஓட்டம் தொடங்கும் கோடுகள். வளைவில் வெளித்தடத்தில் ஓடுகிறவள் பெரிய வட்டம் சுற்றுகிறாள், உள்தடத்துக்காரியைவிடக் கூடுதலாக ஓடுகிறாள். அதை ஈடுகட்ட, வெளியே போகப் போக ஒவ்வொருத்தியையும் முன்னே தள்ளி நிறுத்த வேண்டும். முடிக்கும் கோடு எல்லோருக்கும் ஒன்று, தொடங்கும் கோடு ஆளுக்கு ஒன்று. எவ்வளவு தள்ளுவது என்பதற்கு என் பயிற்சிக் கல்லூரி நோட்டில் ஒரு அட்டவணை இருந்தது. ஒரு முழுச் சுற்றுக்கு, தடத்துக்குத் தடம் ஏழு மீட்டர் அறுபத்தாறு சென்டிமீட்டர். சிவப்பு மையில் கட்டம் கட்டி, அழகாக எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்து டேப்பைப் பிடித்து, ஆணியடித்து, சுண்ணாம்புத் தூளைக் கைநடுங்காமல் தூவினேன். முதல் தடத்தின் கோட்டிலிருந்து ஆறாம் தடத்தின் கோடு முப்பத்தெட்டு மீட்டருக்கு மேல் முன்னே போய், வளைவின் பாதியில் நின்றது.

அந்தக் கோடுகளின் அழகை இன்றைக்கும் என்னால் மறுக்க முடியாது. சிவந்த மண்ணில் வெள்ளைக் கோடுகள் படிப்படியாக ஏறிப் போயின. செயலாளர் வந்து சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "அடேயப்பா" என்று மட்டும் சொன்னார். கோலம் என்று சொன்ன மாஸ்டர் குனிந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டு போனார். அன்றைக்கு எனக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை.

போட்டி நாள். இருநூறு மீட்டர் முழுக்க முழுக்கத் தடத்துக்குள்ளேயே ஓடும் ஓட்டம். நீண்ட ஓட்டங்கள் எல்லாம் பொதுவான ஒரு வளைகோட்டிலிருந்து தொடங்கி உள்ளே வந்துவிடும். நூறு மீட்டர், மைதானத்துக்குக் குறுக்கே நேராகப் போட்ட தனிக் கோட்டில். ஆகவே என் கோடுகளுக்கு வேலை இருநூறில்தான். காலையில் இரண்டு தகுதிச் சுற்று நடந்தது, ஒவ்வொன்றிலும் முதல் மூன்று பேர் இறுதிக்கு வருவார்கள். ஒன்றில் ஆறாம் தடத்துக்காரி முதலிடம். ஐந்தாம் தடத்துக்காரி இரண்டாமிடம். என் பள்ளிப் பிள்ளை அதில் நான்காம் தடத்தில் ஓடி மூன்றாவதாக வந்தாள். இன்னொரு சுற்றில் மட்டும், இரண்டாம் தடத்தில் ஓடிய ஒரு பெண் எல்லோரையும் முந்திக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த இருவரும் வெளித்தடம். கண்ணிருந்தால் அப்போதே கண்டிருக்கலாம். எனக்குக் கண் முழுக்க மேடை மேல் இருந்தது, யார் யார் என் மார்க்கிங்கைப் பார்க்கிறார்கள் என்று.

இரண்டாம் தடத்தில் ஓடிய அந்தப் பெண் திருப்பத்தூர்ப் பக்கத்து ஊர். பத்தாம் வகுப்பு. ஒல்லியான கால்கள், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. செருப்பில்லாமல்தான் ஓடினாள், அங்கே பாதிப் பேர் அப்படித்தான். இறுதிப் போட்டிக்குத் தடம் ஒதுக்கச் சீட்டு எடுக்கக் கூப்பிட்டபோது என்னிடம் மெதுவாகக் கேட்டாள்:

"மிஸ், மொத எடம் வாரவுகதான் மதுரைப் போட்டிக்கா? ரெண்டாவது எடத்துக்குக் கெடையாதா?"

"மொத எடம் மட்டும்தாம்மா. ஏன்?"

"மதுரையில ஓடுறதப் பாத்துத்தான் விளையாட்டு ஆஸ்டலுக்கு எடுப்பாகன்னு எங்க ஸ்கூல் சிஸ்டர் சொன்னாக. அங்க போனா ப்ளஸ் டூ வரைக்கும் சோறும் படிப்பும் அவுகளே பாத்துக்கிருவாகளாம். இல்லாட்டி எங்க ஊருல பத்தோட சரி மிஸ்."

"அப்ப ஓடி ஜெயி" என்றேன். சொல்லிவிட்டு டப்பாவை நீட்டினேன். முதல் தடம் வந்தது. என் பள்ளிப் பிள்ளைக்கு ஆறாம் தடம்.

ஆறு பேரும் அவரவர் கோட்டில் போய் நின்றார்கள். இந்தக் காட்சியைப் புதிதாகப் பார்க்கிற எவருக்கும் ஒரு திகைப்பு வரும். ஒருத்தி இங்கே நிற்கிறாள், இன்னொருத்தி எங்கேயோ வளைவுக்குள் நிற்கிறாள், இது என்ன நியாயம் என்று. ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் கேட்பார், நாங்களும் சிரித்துக்கொண்டே விளக்குவோம். அந்த வருடம் வேப்பமரத்தடியிலிருந்து ஒரு மனிதர் எங்கள் மேசையை நோக்கி வந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, காய்ந்த உழவுக்காரர் உடம்பு. முதல் தடத்துப் பெண்ணின் அப்பா.

"டீச்சர், ஒரு சங்கதி. அந்தக் கடைசிப் புள்ள அம்புட்டு முன்னாடி நிக்கிதே, அது சரியாத்தான் இருக்கா?"

மைக் என் கையில் இருந்தது. ஆறாம் தடத்தில் நிற்பது என் பள்ளிப் பிள்ளை என்பதால் எனக்கு ரோசம் வேறு வந்துவிட்டது. மைக்கை மூடவில்லை. மைதானம் முழுக்கக் கேட்கும்படி, பள்ளிக்கூடத்துப் பாணியில் பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

"ஐயா, கோயிலுக்குப் போயிருக்கீகளா? உள்பிரகாரம் சுத்துறவரும் வெளிப்பிரகாரம் சுத்துறவரும் ஒரே தூரமா நடக்குறாக? வெளியில சுத்துறவுகளுக்குக் கூடத் தூரம். அதுக்குத்தான் முன்னாடி நிறுத்துறது. இது மூணாங்கிளாஸ் புள்ளைக்கும் தெரியும்."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"வெளிய சுத்துனா கூட வரும்னு தெரியும் டீச்சர். பிணையல் ஓட்டுறவன் நான். களத்துல மாடுகளச் சேத்துக் கட்டிக் கதிர் மேல சுத்தவிட்டுச் சூடடிக்கையில வெளிமாடுதான் கூட நடக்கும், அதுக்காகத்தான் நோஞ்சான் மாட்ட உள்ள கட்டுறது. கூட வருமான்னு நான் கேக்கல. அம்புட்டுக் கூட வருமான்னுதான் கேக்கேன். கயிறு இருந்தா ஒருக்கா அளந்து பாப்பமா?"

அவர் கேட்டது சரியான கேள்வி. அந்த மைதானத்தில் நின்ற அத்தனை உடற்கல்வி ஆசிரியர்களிலும் ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதை எழுதும்போது விரல் கூசுகிறது.

"ஐயா, இது மாடு ஓட்டுற களமில்ல. உலகம் பூரா இதே கணக்குத்தான். போய் நிழல்ல உக்காருங்க, மக ஓடுறதப் பாக்க வேணாமா?"

இன்னும் பெரிய சிரிப்பு. மாஸ்டர்கள் கைதட்டினார்கள். அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். முதல் தடத்தில் நின்ற அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அப்பா கேலிப்பொருளானதைப் பார்த்த ஒரு நிமிடத்துக்குள் அவள் ஓட வேண்டியிருந்தது.

ஓட்டம் தொடங்கக் கட்டை தட்டினார்கள். ஓடினார்கள்.

வெவ்வேறு இடத்திலிருந்து தொடங்கும் ஓட்டத்தில் யார் முந்துகிறார்கள் என்று முதலில் கண்ணுக்குப் பிடிபடாது. கடைசி வளைவு முடிந்து நேர்க்கோட்டுக்கு வரும்போதுதான் எல்லோரும் ஒரு வரிசைக்கு வருவார்கள், உண்மை அப்போதுதான் தெரியும். அந்த இடத்தில் முதல் தடத்துப் பெண் நான்கு பேரைத் தாண்டியிருந்தாள். என் பிள்ளை மட்டும் ஐந்தாறு மீட்டர் முன்னே இருந்தாள். நேர்க்கோட்டில் அந்தப் பெண் ஓடியதை நான் மறக்கவே மாட்டேன். ஒவ்வொரு எட்டிலும் இடைவெளியைத் தின்றுகொண்டு வந்தாள். இன்னும் பத்து மீட்டர் இருந்திருந்தால் முடிந்திருக்கும். நூலை நெஞ்சால் தொட்டவள் என் பிள்ளை. இடைவெளி ஒரு மீட்டர்கூட இருக்காது. நான் மைக்கை மேசையில் போட்டுவிட்டு ஓடிப் போய் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன்.

பிற்பகலில் மற்றப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோது அந்த மனிதர் ஓரமாக என் கோடுகளின் மேல் குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி வைத்து நடந்துகொண்டிருந்தார். "நெலம் அளக்குறாரு போல, பட்டா வாங்கப் போறாரு" என்றேன் பக்கத்தில் இருந்தவரிடம். அதற்கும் சிரிப்பு கிடைத்தது.

மறுநாள் பள்ளிக்கு விடுமுறை. கொடிகளை எடுத்துவைக்க விடிந்ததும் மைதானத்துக்குப் போனேன். நேர அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பெருமையாகப் பார்த்தேன். என் பிள்ளை எங்களிடம் பயிற்சியில் ஓடிய எந்த நேரத்தையும்விட ஒரு விநாடிக்கு மேல் குறைவு. ஒரு விநாடி. இருநூறு மீட்டரில் ஒரு விநாடியைக் குறைக்க ஒரு வருடம் மாடாய் உழைக்க வேண்டும். இவள் ஒரே நாளில் எப்படிக் குறைத்தாள்? அம்புட்டுக் கூட வருமா என்ற குரல் காதில் கேட்டது.

அலுவலக அறையிலிருந்து டேப்பை எடுத்து வந்தேன். ஆணியடித்து அடித்து, ஆறாம் தடத்தின் உள்கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஓடுகிறவள் கால் படுகிற இடத்தில், தொடக்கக் கோட்டிலிருந்து முடிக்கும் கோடு வரை தனியாளாக அளந்தேன். நூற்றுத் தொண்ணூற்று மூன்று மீட்டர். தப்பாக அளந்திருப்பேன் என்று மறுபடியும் அளந்தேன். அதே நூற்றுத் தொண்ணூற்று மூன்று. முதல் தடத்தை அளந்தேன். அது சரியாக இருநூறு.

நோட்டைத் திறந்தேன். என் கையெழுத்தில், அட்டவணைக்கு மேலே, சிவப்பு மையில், அடிக்கோடிட்டு எழுதியிருந்தது: தட அகலம் 1.22 மீட்டர். ஒரு தடம் வெளியே போனால் எவ்வளவு கூடும் என்பது தடத்தின் அகலத்தை மட்டும்தான் பொறுத்தது. அகலம் எவ்வளவோ, அதைப் போல ஆறேகால் மடங்கும் கொஞ்சமும். அகலத்தை ஒரு மீட்டராக்கினால் ஆறு மீட்டர் இருபத்தெட்டுத்தான் தள்ள வேண்டும். நான் அகலத்தைக் குறைத்தேன், அட்டவணையைக் குறைக்கவில்லை. ஒவ்வொரு தடத்துக்கும் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகச் சலுகை கொடுத்து, ஆறாவது தடத்துக்கு வரும்போது ஏறக்குறைய ஏழு மீட்டரைத் தூக்கிக் கொடுத்திருந்தேன். பரீட்சையில் இந்தக் கணக்குக்கு எனக்குப் பத்துக்குப் பத்து போட்டிருந்தார்கள்.

இருநூறு மீட்டரில் ஏழு மீட்டர். ஒரு மீட்டருக்குள் தோற்ற பெண்.

நியாயமாகச் செய்ய வேண்டியது ஒன்றுதான் என்று தெரியும். பெயர்ப் பட்டியல் மதுரைக்குப் போக இன்னும் மூன்று நாள் இருந்தது. நோட்டையும் அளந்த தாளையும் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்து, கோவிலூர் ரோட்டில் செயலாளர் வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். சார், தப்பு என் மேல், இருநூறு மீட்டரை மறுபடி ஓட வைக்கணும்.

அவர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாம்மா வா. ஒன்னப் பத்தித்தான் இப்பப் பேசிக்கிட்டு இருந்தேன். அம்புட்டுப் பேரும் மூக்கு மேல விரல வச்சுட்டாக. கோலம்னு சொன்னாரே, அந்தாளே சொல்றாரு, நம்மாளுககூட இம்புட்டு நேர்த்தியாப் போட்டதில்லன்னு. இனிமே நம்ம வட்டாரத்துல மார்க்கிங்னா நீதான். அந்த வெவசாயிக்கு மைக்ல குடுத்தியே ஒரு பதிலு, அடடா!"

அவர் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தார். நான் டம்ளரை வாங்கினேன். பை மடியில் இருந்தது. நோட்டின் முனை பைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது, அதைக் கையால் உள்ளே தள்ளினேன்.

"என்ன சங்கதியா வந்த?"

"மதுரைக்குப் புள்ளைய எத்தனை மணி பஸ்ஸுல கூட்டிட்டு வரணும்னு கேக்க வந்தேன் சார்."

இதுதான் நான் சொன்னது. பயம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். பயம் கொஞ்சம்தான். ஒரு பெண்ணிடம் கொடுத்துப் பார்த்தோம், பார், குட்டிச்சுவராக்கிவிட்டாள் என்று அவர்கள் சொல்வார்கள், எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் டேப்பைக் கொடுக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே ஒரு பெரிய நியாயம் கற்பித்துக்கொண்டேன். அதையும் இப்போது நம்பவில்லை. அந்தக் காபியும் அந்தப் புகழ்ச்சியும் எனக்குப் பிடித்திருந்தன. அவ்வளவுதான்.

திரும்பி வந்து செய்ததுதான் இன்னும் மோசம். மதியம் மைதானத்தில் யாரும் இல்லை. தென்னந்துடைப்பத்தை எடுத்து ஆறு கோடுகளையும் நானே கூட்டி அழித்தேன். சுண்ணாம்பு அவ்வளவு எளிதில் போகவில்லை, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். வாட்ச்மேன் பார்த்துவிட்டு, "மழை பேஞ்சா தானாப் போயிருமே டீச்சர், ஏன் இந்தப் பாடு?" என்றார். மைதானம் சுத்தமாக இருக்க வேண்டாமா என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

புரட்டாசியில் மதுரை. அங்கே நானூறு மீட்டர் மைதானம், சரியான கோடுகள். என் பிள்ளை எட்டுப் பேரில் எட்டாவதாக வந்தாள். அவளுடைய உண்மையான வேகம் அதுதான், முன்பும் அதுதான். அவளுக்கு அது தெரியாது. பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

"எனக்கு என்னமோ ஆயிருச்சு மிஸ். நம்ம கிரவுண்டுல கால் பறந்துச்சு. இங்க கால் வரவே இல்ல. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"பயந்துட்ட, அதான்" என்றேன்.

அந்தப் பிள்ளை அதையும் நம்பினாள். பயந்தாங்கொள்ளி என்று தன்னைத் தானே சொல்லிக்கொண்டு பல மாதம் திரிந்தாள். ஒருத்திக்குச் சேர வேண்டியதைப் பிடுங்கி இன்னொருத்தியிடம் கொடுத்து, அவளையும் அதை வைத்தே அடித்திருக்கிறேன். அடுத்த வருடத்திலிருந்து நான் அங்கே வேலை பார்த்தவரை அந்த மைதானத்தில் ஐந்து தடம்தான் போட்டேன். ஆறு போடலாமே என்று கேட்டவர்களிடம் விதி இடம் கொடுக்காது என்றேன்.

அடுத்த வருடம் என்று தாவிவிட்டேன். அதற்கு முன்னால், அதே பள்ளி வருடத்து மாசியில், திருப்பத்தூர்ச் சந்தையில் ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இத்தனை எழுதியதும் வீண்.

தோழி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். திரும்பும்போது காய் வாங்கலாம் என்று சந்தைக்குள் நுழைந்தேன். சாக்கு விரித்துக் கத்திரிக்காய் குவித்து வைத்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"டீச்சர்தான? காரைக்குடி டீச்சர்தான? வாங்க, வாங்க. இங்குட்டு நெழல்ல நில்லுங்க."

எனக்கு அவரைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"மக நல்லாருக்கா?" என்றேன். வேறு என்ன கேட்க?

"நல்லாருக்கு டீச்சர். படிப்ப நிறுத்தியாச்சு. பரீச்சை எழுதுற வரைக்கும்கூட இருக்கல, தையல் கத்துக்கிறேன்னு வந்துருச்சு. ஓட்டத்தையும் விட்ருச்சு. முன்னெல்லாம் விடியக்காலம் கம்மாக்கரையில ஓடும். இப்ப வேணாங்குது. நம்மால ஆகாதுப்பா, நம்மளவிட வேகமா ஓடுறவுக இருக்காகங்குது."

அவர் கத்திரிக்காயைப் பொறுக்கி என் பையில் போட்டுக்கொண்டே பேசினார்.

"டீச்சர், ஒங்களப் பாத்தா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அன்னைக்குக் கூட்டத்துல வந்து அப்புடிக் கேட்டது தப்புத்தான். மக மேல உள்ள ஆசை. மனசுல வச்சுக்கிறாதீக. அன்னைக்கு ஒங்க கோட்டக் காலடி வச்சுப் பாத்தேன். கோட்டுக்குக் கோடு மூணே கால் அடி அகலம். ஒவ்வொரு புள்ளையையும் இருபத்தஞ்சு அடி முன்னாடி விட்டிருந்தீக. தைக்கு அறுப்பு முடிஞ்சு களம் சும்மா கெடந்துச்சா, முளையடிச்சு, கயிறு கட்டி, மூணே கால் அடி தள்ளித் தள்ளி வட்டம் போட்டு அளந்து பாத்தேன். இருபதரை அடிக்கு மேல வரல. பெரிய வட்டமாப் போட்டாலும் அதேதான், சின்ன வட்டமாப் போட்டாலும் அதேதான். எனக்கு ஒண்ணும் புரியல."

நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்காமல், அட்டவணை இல்லாமல், ஒரு கயிற்றையும் முளையையும் வைத்துக்கொண்டு இந்த மனிதர் என் நோட்டில் இருந்த சூத்திரத்தைக் களத்து மண்ணில் கண்டுபிடித்திருந்தார். அரையடிகூடப் பிசகவில்லை.

"மகதான் சொல்லுச்சு," என்று சிரித்தார். "அவுக படிச்சவுகப்பா, அவுக கணக்குத் தப்பாது, ஒங் கயித்துலதான் கோளாறுன்னு. பழைய கயிறு டீச்சர், கெணத்து ஏத்தத்துல கெடந்தது. இழுத்துப் பிடிக்கையில நீண்டுக்கிட்டு, கொறச்சுக் காட்டிருக்கும். என்ன டீச்சர், கயிறு இழுக்கும்ல?"

என் முகத்தையே பார்த்தார். அதில் ஒரு துளிச் சந்தேகம் இருந்திருந்தால் எனக்குச் சொல்லத் தைரியம் வந்திருக்கும் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு சொல் போதும். ஒங்க கயிறு சரிங்க, எங் கோடுதான் தப்பு. அவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சொல்லியிருப்பார். மதுரை போய்விட்டது, ஆஸ்டல் போய்விட்டது, இருந்தாலும் அந்தப் பெண் தான் தோற்கவில்லை என்பதையாவது தெரிந்துகொண்டிருப்பாள்.

"ஆமாங்க," என்றேன். "பழைய கயிறுன்னா இழுக்கும்."

அவர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு இன்னும் இரண்டு கை கத்திரிக்காயை அள்ளி என் பையில் போட்டார்.